முறுக்குப் பாக்கெட் கடைக்குப் போகும் வழி: டிஸ்ட்ரிபியூட்டரா, சொந்த வண்டியா, ஆன்லைனா?

2024 அக்டோபரில், பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை கொண்டுவரும் பிளிங்கிட், ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட், செப்டோ ஆகிய மூன்று நிறுவனங்களைப் பற்றி அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. அடக்க விலைக்கும் கீழே விற்று மளிகைக் கடைகளையும் அவற்றுக்குச் சரக்கு போடுபவர்களையும் ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செய்தி வந்ததிலிருந்து முறுக்கு, மிக்சர், பொடி வகை தயாரிக்கும் சின்ன நிறுவனங்களில் ஒரே கேள்விதான். டிஸ்ட்ரிபியூட்டர் காலம் முடிந்துவிட்டதா? அவரை விட்டுவிட்டு நேரடியாகக் கடைக்கோ ஆன்லைனிலோ போட்டால் அந்த லாபம் நமக்கே வருமே?

கேள்வி நியாயமானது. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரை நீக்கலாம், அவர் செய்த வேலையை நீக்க முடியாது. அதை யாராவது செய்தே ஆக வேண்டும். யார் செய்தால் பாக்கெட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். மதுரையில் முறுக்கு, தட்டை, மிக்சர், ஓமப்பொடி, இட்லிப்பொடி என ஐந்து பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் மார்ஜின்களும் செலவுகளும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்தந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

60 ரூபாய் எங்கே போகிறது

200 கிராம் முறுக்குப் பாக்கெட், எம்.ஆர்.பி. 60 ரூபாய். பாக்கெட் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரியைக் கழித்தால் 57 ரூபாய் 14 காசு. இது இப்படிப் பிரிகிறது:

1. கடைக்காரருக்கு 20 சதவீதம்: 11 ரூபாய் 43 காசு. அவர் வாங்கும் விலை, வரி சேர்க்காமல், 45 ரூபாய் 71 காசு.
2. டிஸ்ட்ரிபியூட்டர் தன் கொள்முதல் விலை மேல் 8 சதவீதம் வைக்கிறார்: 3 ரூபாய் 38 காசு.
3. கம்பெனிக்கு வருவது: 42 ரூபாய் 33 காசு.

இங்கேயே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. "20 பர்சென்ட்" என்றால் கடைக்காரர் எம்.ஆர்.பி.யில் 20 என்று புரிந்துகொள்வார். கம்பெனியோ வாங்கும் விலை மேல் 20 என்று நினைத்து விலைப்பட்டியல் போட்டிருக்கும். முதல் கணக்கில் வரியோடு சேர்த்துக் கடைக்காரரின் விலை 48 ரூபாய், இரண்டாவதில் 50 ரூபாய். பாக்கெட்டுக்கு 2 ரூபாய் வித்தியாசம், அதுவும் முதல் பில்லிலேயே தெரிந்து சண்டையாகிவிடும். சதவீதம் எதன் மேல் என்பதை விலைப்பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

சரி, கம்பெனியின் 42.33-ல் வண்டி வாடகை 1.20, பழைய சரக்கு, உடைசல் திருப்பி எடுப்பது 1.25, "பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம்" மாதிரி ஸ்கீம்களுக்குச் சராசரியாக 2, கம்பெனியின் சேல்ஸ் ஆளுக்கு 2 என்று கழித்தால் கிட்டத்தட்ட 36 ரூபாய் நிற்கும். தயாரிப்புச் செலவு 30 என்றால் மிச்சம் 6 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்த 6 ரூபாயையும் டிஸ்ட்ரிபியூட்டரின் 3 ரூபாய் 38 காசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் "அவரை ஏன் வைத்திருக்கிறோம்?" என்ற எண்ணம் வருகிறது.

சொந்த வண்டி: ஒரு நாள் கணக்கு

ஒரு வண்டி, டிரைவர், பில் போடும் சேல்ஸ்மேன், சரக்கு இறக்க ஒரு ஆள். சம்பளம், டீசல், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு லைனில் 40 கடை ஏறி இறங்கினால் 28 கடை சரக்கு எடுக்கும். மற்றவை "இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிடும். அப்படியானால் சரக்கு எடுக்கிற ஒரு கடைக்கு 107 ரூபாய் செலவு. முறுக்கு ஆறு பாக்கெட்தான் ஒரு கடையில் இறங்குகிறது என்றால் பாக்கெட்டுக்கு கிட்டத்தட்ட 18 ரூபாய். 3 ரூபாய் 38 காசை மிச்சம் பிடிக்கப் போய் 18 ரூபாய் செலவழித்த கதையாகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் அதே வண்டியை வைத்து எப்படிப் பிழைக்கிறார்? அவர் வண்டியில் முறுக்கு மட்டும் இல்லை. பிஸ்கட், ஊதுபத்தி, அப்பளம், ஊறுகாய் என்று எட்டு பத்து கம்பெனி சரக்கு இருக்கிறது. ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு பில் போடுகிறார். அந்த 107 ரூபாய் பல கம்பெனிகளின் தலையில் பிரிந்து விழுகிறது.

ஆகவே பார்க்க வேண்டிய எண், ஒரு தடவை ஒரு கடையில் எவ்வளவு ரூபாய்க்குப் பில் ஆகிறது என்பது. நம் கணக்கில் சொந்த வண்டி டிஸ்ட்ரிபியூட்டரின் செலவுக்குச் சமமாக வேண்டுமானால் ஒரு கடைக்குச் சுமார் 32 பாக்கெட், அதாவது 1,450 ரூபாய் அளவுக்குப் பில் விழ வேண்டும். முறுக்கை மட்டும் வைத்துக்கொண்டு இது நடக்காது. ஐந்து பொருளையும் கொண்டுபோனால், பெயர் தெரிந்த சொந்த ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளிலும் பெரிய மளிகைக் கடைகளிலும் நடக்கும். தெருமுனைப் பெட்டிக்கடையில் நடக்காது.

அப்படியானால் பெரிய கடைகளுக்கு நாம் போவோம், சின்னக் கடைகளை டிஸ்ட்ரிபியூட்டர் பார்க்கட்டும் என்று பலரும் பிரித்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. அவருடைய வருமானத்தில் பாதி அந்தப் பெரிய கடைகளிலிருந்துதான் வந்திருக்கும். வெண்ணெயை நாம் எடுத்துக்கொண்டு நீர்மோரை அவரிடம் விட்டால், அவருடைய ஒரு கடைச் செலவு எகிறும், நம் சரக்கை அவர் லைனிலிருந்தே இறக்கிவிடுவார். பிரிப்பதானால் ஊர் வாரியாகப் பிரிப்பதே நல்லது: மதுரையும் சுற்று வட்டாரமும் முழுக்க நம் வண்டி, மற்ற மாவட்டங்கள் முழுக்க டிஸ்ட்ரிபியூட்டர்.

டிஸ்ட்ரிபியூட்டர் பார்க்கும் கணக்கு வேறு

கம்பெனிக்காரர்கள் "8 பர்சென்ட் கொடுக்கிறோமே, இன்னும் என்ன?" என்று கேட்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பார்ப்பது, போட்ட பணம் மாதம் எத்தனை வட்டி கொண்டுவருகிறது என்பதை.

மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு நம் சரக்கை விற்கிறார் என்று வைப்போம். மொத்த லாபம் 14,800. ஆள், வண்டி, குடோன் பங்காக 10,000 போனால் கையில் 4,800. இதற்கு அவர் முடக்கியிருக்கும் பணம்: குடோனில் 20 நாள் சரக்கு, கடைகளில் 10 நாள் கடன் நிலுவை, ஆக ஏறக்குறைய 2 லட்சம். அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 40 காசு. ஊரில் இரண்டு வட்டிக்குக் கொடுத்தால் சும்மா உட்கார்ந்தே வருகிற பணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இப்போது மாதக் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காகக் கம்பெனி அவர் தலையில் இன்னொரு 20 நாள் சரக்கைத் தள்ளுகிறது. முடக்கம் 3 லட்சத்து 30 ஆயிரம் ஆகிவிடுகிறது, லாபம் அதே 4,800. வட்டி ஒன்றரைக்கும் கீழே போய்விட்டது. அவர் சண்டை போட மாட்டார், அடுத்த மாதத்திலிருந்து நம் சரக்குக்கு முன்பணம் போடுவதைக் குறைத்துக்கொள்வார். கம்பெனியின் கணக்கிலோ விற்பனை ஏறியதாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே பதிவாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போட்ட பில். கடைக்குப் போன பில் அங்கே பதிவாவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ரிப்போர்ட் வேண்டாம். ஒரு லைனில் பத்து கடை ஏறி, அலமாரியில் இருக்கும் நம் பாக்கெட்டைத் திருப்பி, பேக்கிங் தேதியைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். பத்தில் ஏழு பாக்கெட் 30 நாளுக்குள் இருந்தால் சரக்கு ஓடுகிறது. 60, 70 நாள் பாக்கெட்டுகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் நமக்கு நடந்த விற்பனையில் ஒரு பகுதி இன்னும் குடோனில் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அது ரிட்டர்னாகத் திரும்பி வரும்.

கை மாறும் ஒவ்வொரு இடமும் நாளைத் தின்கிறது

எண்ணெயில் பொரித்த பண்டத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. சோப்பு குடோனில் மூன்று மாதம் கிடந்தாலும் சோப்புதான். முறுக்கில் சிக்கு வாடை ஏறிவிட்டால் அந்த வீட்டில் அந்தப் பெயர் அதோடு சரி.

நம் பாக்கெட்டுக்கு ஆயுள் 120 நாள் என்று வைப்போம். தூரத்து மாவட்டங்களுக்கு நடுவில் ஒரு சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் வைக்கலாமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அவர் பல டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குச் சேர்த்துச் சரக்கு வாங்கி வைத்துப் பிரித்துக் கொடுப்பவர், 3 முதல் 4 சதவீதம் கேட்பார். பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் அளவு. நாகர்கோவில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் தடவைக்கு 600 பாக்கெட்தான் எடுக்கிறார் என்றால், அதற்கென்று மதுரையிலிருந்து ஒரு சின்ன லாரியை 5,000 ரூபாய் வாடகையில் அனுப்புவது பாக்கெட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆகும். பார்சல் ஆபீசில் போட்டால் மலிவு, ஆனால் தூக்கிப்போடும் பெட்டியில் முறுக்கு தூளாகிப் போய்ச் சேரும். திருநெல்வேலி சூப்பர் ஸ்டாக்கிஸ்டுக்கு 5,000 பாக்கெட் ஒரே லோடாகப் போனால், வாடகை 6,000 என்றாலும் பாக்கெட்டுக்கு 1.20-தான். ஒன்றரை ரூபாய் அவருக்குக் கொடுத்தும் மிச்சம்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு இடத்தில், நாள் கணக்கில் இருக்கிறது. ஃபேக்டரியில் 5 நாள், சூப்பர் ஸ்டாக்கிஸ்டிடம் 20, டிஸ்ட்ரிபியூட்டரிடம் 20, கடையில் 20 என்று 65 நாளில் வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. 120 நாள் சரக்குக்கு இது தாங்கும். 60 நாள் மட்டுமே தாங்கும் நெய் முறுக்கையோ தேங்காய் எண்ணெய்ப் பண்டத்தையோ இந்த வழியில் அனுப்பவே கூடாது. ஒரே கம்பெனியின் எல்லாப் பொருளும் ஒரே வழியில் போக வேண்டும் என்பது எந்தக் கட்டாயமும் இல்லை. குறுகிய ஆயுள் பண்டத்துக்குச் சொந்த வண்டியும் சொந்தக் கடையும்தான் வழி.

ஆன்லைன் என்பது ஒன்றல்ல, இரண்டு

"ஆன்லைனில் போடுகிறோம்" என்று சொல்லும்போது முற்றிலும் வேறான இரண்டு வேலைகளைக் கலந்துவிடுகிறார்கள்.

*முதலாவது, சொந்த வெப்சைட்.* ஆர்டர் வருகிறது, பெட்டி கட்டி கூரியரில் அனுப்புகிறோம். இதில் நடுவில் யாருமில்லை என்று தோன்றும். நடுவில் கூரியர்காரர் இருக்கிறார், விளம்பரம் காட்டும் நிறுவனம் இருக்கிறது, இரண்டுமே டிஸ்ட்ரிபியூட்டரைவிட அதிகம் வாங்கும்.

முறுக்குக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். நான்கு பாக்கெட் முறுக்கு 800 கிராம். உடையாமல் போக 30-க்கு 20-க்கு 15 பெட்டி வேண்டும். பெருக்கினால் 9,000, வகுத்தால் 1.8 கிலோ. 800 கிராமுக்கு இரண்டு கிலோ கட்டணம். கட்டணம் 110 ரூபாய் என்றால், உள்ளே இருக்கும் சரக்கின் எம்.ஆர்.பி.யே 240தான்.

அதே பெட்டியின் இடுக்குகளில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் அடைத்து 600 ரூபாய்ப் பெட்டியாக்கினால் கட்டணம் மாறாது. அந்தக் கணக்கைப் பார்ப்போம். வரி 5 சதவீதம் போக 571. தயாரிப்பு 300, கூரியர் 110, அட்டைப்பெட்டியும் உள்ளே திணிப்பதும் 20, பணம் வாங்கும் கட்டணம் 12, உடைசலுக்கு 15. மிச்சம் 114 ரூபாய். ஆனால் இந்த வாடிக்கையாளரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 200 ரூபாய் ஆகியிருந்தால் முதல் ஆர்டரில் 86 ரூபாய் நஷ்டம். விளம்பரமே இல்லாமல் அவராக இரண்டாம் முறை வாங்கும்போதுதான் நஷ்டம் அடைபட்டு 28 ரூபாய் நிற்கிறது.

ஆகவே வெப்சைட்டில் பார்க்க வேண்டியது, 90 நாளுக்குள் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்பதை. மொத்த ஆர்டர் ஏறிக்கொண்டே போய், மறுபடி வாங்குபவர் ஏறவில்லையென்றால் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்து முறுக்கை நஷ்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இது நன்றாக ஓடுவது, ஊர்ப் பண்டம் கிடைக்காத பெங்களூரு, மும்பை, டெல்லித் தமிழ் வீடுகளில். மதுரைக்காரர் கூரியரில் முறுக்கு வாங்க மாட்டார்.

*இரண்டாவது, பத்து நிமிட டெலிவரி ஆப்கள்.* இவற்றை ஆன்லைன் என்று நினைப்பதைவிட, கதவு இல்லாத சூப்பர் மார்க்கெட் என்று நினைத்தால் கணக்கு தெளிவாகும். அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவார்கள், நாம் அவர்கள் கிடங்கில் கொண்டுபோய் இறக்க வேண்டும், பணம் பிறகு வரும். வரி போன 57.14-ல் 32 சதவீதம் அவர்களுக்கு என்றால் நமக்கு 38.85. சென்னைக் கிடங்குக்கு வாடகை 1.50, ஆப்பில் மேலே தெரிய விளம்பரமும் தள்ளுபடிப் பங்கும் 4. மிச்சம் 33.35, தயாரிப்பு போக 3 ரூபாய் 35 காசு. டிஸ்ட்ரிபியூட்டர் வழியில் வந்ததில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக, "நடுவில் ஆளில்லை, அதனால் லாபம் அதிகம்" என்பது இங்கே தலைகீழ்.

அப்புறம் ஆயுள் பிரச்சினை. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதம் அல்லது காலாவதிக்கு முன் 45 நாள் மிச்சமிருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மின்வணிக நிறுவனங்களை அறிவுறுத்தியது. 60 நாள் பண்டத்துக்கு 45 நாள் மிச்சம் என்று கிடங்கில் கணக்கிட்டால், தயாரித்து 15 நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கிடங்கு வாசலிலேயே சரக்கைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்காத பழைய சரக்கை ஆப்பில் தள்ளிவிடலாம் என்ற யோசனை பலிக்காது.

பின் ஏன் இதில் போக வேண்டும்? சென்னையில் நமக்கு டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத பகுதிகளில் சரக்கு உடனே தெரிய ஆரம்பிக்கிறது. எந்தப் பேட்டையில் எந்தப் பண்டம் ஓடுகிறது என்பதும் புலப்படும். இதற்காக ஒரு பாக்கெட்டில் இரண்டரை ரூபாய் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து, மொத்த விற்பனையில் சிறு பங்காக இருக்கும்வரை.

ஒரே பாக்கெட், இரண்டு விலை: தகராறு இங்கேதான் தொடங்கும்

சேல்ஸ்மேன் லைன் போகிறார். கடைக்காரர் போனை எடுத்து நீட்டுகிறார். அவர் 48 ரூபாய்க்கு வாங்கிய அதே 200 கிராம் பாக்கெட், ஆப்பில் 45 ரூபாய். "நானே அங்கே வாங்கிக்கிறேன், இதை எடுத்துட்டுப் போங்க" என்கிறார். பதில் சொல்ல வழியில்லை.

இது சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. மொத்த விற்பனை ஆப்களுக்குத் தங்களைவிடக் குறைந்த விலைக்குச் சரக்கு போகிறது என்று சொல்லி, 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் கோல்கேட்டின் சில பொருள்களைக் கடைகளுக்குப் போட மறுத்தார்கள்.

இதற்கு மூன்று வழி உடனே தோன்றும். மூன்றில் இரண்டு ஆகாது.

1. ஆன்லைனுக்கு வேறு எம்.ஆர்.பி. அச்சடிப்பது. ஒரே மாதிரிப் பாக்கெட்டுக்கு இரண்டு எம்.ஆர்.பி. போடுவதை எடையளவு விதிகள் 2018 ஜனவரி முதல் தடுக்கின்றன.
2. "இந்த விலைக்குக் கீழே விற்காதே" என்று எழுதி வாங்குவது. மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்தின் கீழ் சிக்கலாகலாம். டீலர்கள் தள்ளுபடி கொடுப்பதைக் கட்டுப்படுத்தியதற்காக 2021-ல் மாருதி சுசுகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.
3. பாக்கெட்டையே பிரிப்பது. 10 ரூபாய்ப் பாக்கெட்டும் 200 கிராமும் கடைக்கு மட்டும். 400 கிராம் குடும்பப் பாக்கெட் ஆப்புக்கு மட்டும். பல பண்டம் சேர்ந்த பெட்டி வெப்சைட்டுக்கு மட்டும்.

மூன்றாவதுதான் வேலை செய்கிறது. கடைக்காரரிடம் இருக்கும் பாக்கெட் ஆப்பில் இல்லாதபோது ஒப்பிட எதுவும் இல்லை. புதுக் கவர் அச்சு, தனி ஸ்டாக் என்று செலவு கூடும், உண்மைதான். ஆனால் 10 ரூபாய்ப் பாக்கெட்டை ஆன்லைனில் விற்க எப்படியும் முடியாது, 600 ரூபாய்ப் பெட்டியைப் பெட்டிக்கடையில் விற்க முடியாது. செலவுக் கணக்கே ஏற்கெனவே பாதி பிரிவினையைச் செய்து வைத்திருக்கிறது.

மதுரைக் கம்பெனிக்கு இதிலிருந்து வரும் வழி

மதுரை வட்டாரத்தில் ஐந்து பொருளோடு சொந்த வண்டி, ஒரு கடைக்கு 1,450 ரூபாய்ப் பில் விழாத லைனை மூன்று மாதம் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். பக்கத்து மாவட்டங்களில் நேரடி டிஸ்ட்ரிபியூட்டர். தெற்கே, ஒவ்வொருவர் ஆர்டரும் ஒரு வண்டியை நிரப்பும் வரை, சூப்பர் ஸ்டாக்கிஸ்ட். சென்னையில் 400 கிராம் பாக்கெட்டுடன் ஒரே ஒரு ஆப். வெப்சைட்டில் பெட்டி மட்டும்.

ஏற்கெனவே ஒரு ஊரில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்து, அங்கே சொந்த வண்டி விடுவதென்று முடிவானால் ஒரு வேலையை முதலில் முடிக்க வேண்டும். அவர் குடோனில் இருக்கும் சரக்கை எண்ணி எடுத்துக்கொண்டு, வர வேண்டிய ஸ்கீம், டேமேஜ் பணத்தைக் கொடுத்து, எழுத்தில் கணக்கு முடித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் வண்டியை இறக்கினால், அவரிடம் மிச்சமிருக்கும் இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கை அவர் வாங்கிய விலைக்கே மார்க்கெட்டில் கொட்டுவார். கடைக்காரருக்கு 45.71-க்கு நாம் கொண்டுபோகும் பாக்கெட் 42.33-க்கு ஏற்கெனவே அலமாரியில் நிறைந்திருக்கும். புது வண்டி முதல் இரண்டு மாதம் காலியாகத்தான் சுற்றும்.